கடைப் பங்கும் ஒன்பது வயது மகளும்: உயில் எழுத உட்காரும் முன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், விசைப்படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுக்கு நான் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் தம்பி இருவர் நடத்தும் பார்ட்னர்ஷிப், ஆளுக்குப் பாதி. அண்ணனின் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். ஒரே மகள், ஒன்பது வயது. ஒரு ராத்திரி கல்லாவைக் கட்டும்போது அண்ணன் கேட்டார்: “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பாதிக் கடை பாப்பாவுக்குன்னு ஒரு பக்கம் எழுதி வெச்சுட்டா போதும்ல சார்? பாப்பாவைத் தம்பி பாத்துக்குவான்.”

அந்த இரண்டு வாக்கியத்திலும் சிக்கல் இருந்தது. பாதிக் கடையை உயிலில் எழுதிக் கொடுக்க முடியாது. பாப்பாவைத் தம்பி பார்த்துக்கொள்வது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரையே ஒரு சங்கடத்தில் மாட்டிவிடும். இரண்டையும் சரிசெய்ய எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. முதல் முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நாங்கள் போன வழியை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கடைசியில் ஒரு வக்கீல்தான் வாசகங்களைப் பார்த்துத் தந்தார். ஆனால் அவரிடம் போகும் முன் வீட்டிலும் கடையிலும் முடிக்க வேண்டிய வேலைதான் அதிகம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது இந்துக் குடும்பத்துக்கான சட்டப்படி. மண்ணடியிலோ ராயபுரத்திலோ இதைப் படிக்கிற முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்குச் சில இடங்கள் மாறும். முஸ்லிம் சட்டத்தில், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. கிறிஸ்தவர்களுக்கு, உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் செல்லாது.

முதலில் எடுக்க வேண்டிய காகிதம் பார்ட்னர்ஷிப் டீட்

பார்ட்னர்ஷிப் கடையில் ஒருவருக்குப் பாதிப் பங்கு என்றால், சரக்கில் பாதி அலமாரி அவருடையது என்று பொருள் இல்லை. கணக்கை முடித்து, கடனை அடைத்து, மிச்சத்தில் பாதியைப் பணமாகக் கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. உயில் எழுதினால் மகளுக்குப் போவது அந்த உரிமைதான். கல்லாவில் உட்காருகிற இடம் போகாது.

1932-ஆம் வருடத்துப் பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒரு பார்ட்னர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அதனால்தான் பல டீடுகளில் “ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும், அவருடைய வாரிசு பார்ட்னராகச் சேர்க்கப்படுவார்” என்று ஒரு வரி இருக்கும். இந்த அண்ணன் தம்பி டீடிலும் இருந்தது. அண்ணன் அதைக் காட்டி நிம்மதியாக இருந்தார்.

ஆனால் அந்த வரி இரண்டே பார்ட்னர் உள்ள கடைக்குக் கைகொடுக்காது. இருவரில் ஒருவர் போனால் மிஞ்சுவது ஒருவர், ஒருவரை வைத்துப் பார்ட்னர்ஷிப் கிடையாது. சேட் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் 1965-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சரி, மகளைச் சேர்த்தால் இரண்டு பேர் ஆகிவிடுமே என்றால், அதுவும் நடக்காது. மைனர் பார்ட்னர் ஆக முடியாது. எல்லாப் பார்ட்னர்களும் சம்மதித்தால் மைனரை லாபத்தில் பங்கு பெறுகிறவராக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 30-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முதலில் ஒரு பார்ட்னர்ஷிப் உயிரோடு இருக்க வேண்டும், அதாவது வயது வந்த இருவராவது இருக்க வேண்டும். சித்தப்பாவும் ஒன்பது வயதுப் பெண்ணும் சேர்ந்து ஒரு நிறுவனம் ஆக மாட்டார்கள்.

மூன்று நான்கு பார்ட்னர் உள்ள கடையில் இந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள், தான் பார்ட்னராகத் தொடரப் போகிறாரா இல்லையா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தான் சேர்க்கப்பட்ட விஷயமே பிறகுதான் தெரிய வந்தது என்றால் தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதம். பேசாமல் இருந்துவிட்டால் முழுப் பார்ட்னர் ஆகிவிடுவார். அப்போது, அவர் முதலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து வந்த கடைக் கடனுக்கெல்லாம் அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரி தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது யார் நினைவுபடுத்தப் போகிறார்கள்?

எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. தம்பி மனைவியை மூன்றாவது பார்ட்னராகச் சேர்த்தால், அண்ணன் இறந்தாலும் நிறுவனம் தொடரும். ஆனால் அந்த நிறுவனத்தில் கணவனும் மனைவியும் ஒரு பக்கம், லாபம் வாங்குகிற சிறுமி ஒரு பக்கம் என்று ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன். இரண்டாவது வழி, யார் முதலில் இறந்தாலும் மற்றவர் கடையை எடுத்துக்கொண்டு, இறந்தவரின் பங்குக்குரிய பணத்தைத் தவணையில் கட்டித் தீர்ப்பது. இருவரும் இதற்கே சம்மதித்தார்கள். தம்பிக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு, அவருக்கும் இதே பாதுகாப்புத் தேவைதானே.

பங்குக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதிவிடுவது

சண்டை வருவது “எவ்வளவு” என்ற இடத்தில்தான். அவர்கள் கடையின் மார்ச் 31 கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். சரக்கு 34 லட்சம், படகுக்காரர்களிடமிருந்து வர வேண்டியது 26 லட்சம், பேங்கிலும் கையிலும் 3 லட்சம், கடை அட்வான்ஸ் 3 லட்சம், ஆக 66 லட்சம். கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டியது 14 லட்சம், பேங்க் ஓவர்டிராஃப்ட் 12 லட்சம். கழித்தால் 40 லட்சம், ஆளுக்கு 20 லட்சம்.

காகிதத்தில் அப்படி. ஆனால் அந்த 26 லட்சத்தில் 6 லட்சம் இரண்டு வருடத்துக்கு மேல் வராமல் நிற்பது. ஒரு படகு விற்றுப்போய்விட்டது, இன்னொருவர் ஊரிலேயே இல்லை. தம்பியைத் தனியாகக் கேட்டால், அது வராத கடன் என்பார். அண்ணன் இறந்த பிறகு யாராவது குழந்தைக்காக உட்கார்ந்து கணக்குக் கேட்டால், அது புத்தகத்தில் இருக்கும் பணம் என்பார். இருவர் சொல்வதும் பொய் இல்லை, ஆனால் குழந்தைக்கு 3 லட்சம் வித்தியாசம். அதனால் “இரண்டு வருடத்துக்கு மேல் நிலுவையில் உள்ள தொகை கணக்கில் சேராது, பின்னால் வசூலானால் அதில் பாதி இறந்தவர் தரப்புக்கு” என்று டீடில் எழுதினோம். இப்போது நிகரம் 34 லட்சம், ஒரு பங்கு 17 லட்சம்.

அப்புறம் எந்தத் தேதிக் கணக்கு? நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் நிற்கும், எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். சாமான் முழுக்கக் கடனில் போகும், படகு கடலுக்குப் போய் வந்த பிறகே காசு வரும். ஜூன் மாதம் இந்தக் கடையின் கணக்கைப் பார்த்தால் வர வேண்டியது மலை மாதிரி இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. டிசம்பரில் பார்த்தால் வேறு கடை. ஆகவே இறப்புக்கு முந்தைய மார்ச் 31 கணக்கை அடிப்படையாக வைத்து, அதன் பிறகு இறந்த நாள் வரை வந்த லாபத்தைச் சேர்த்து, அந்த நாட்களில் அவர் எடுத்த பணத்தைக் கழிப்பது என்று முடிவானது. உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையின் கணக்கைத் தீபாவளிக்கு முன் பார்ப்பதும் பின் பார்ப்பதும் ஒன்றா?

கடையின் பெயருக்கு, அதாவது குட்வில்லுக்கு, மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஒரு வருட அளவு என்று வைத்தார்கள். சராசரி 6 லட்சம், அதில் பாதி 3 லட்சம். மொத்தம் 20 லட்சம். முதல் மூன்று மாதத்துக்குள் 2 லட்சம், மீதி 18 லட்சம் மாதம் 50,000 வீதம் 36 தவணை. நிலுவைக்கு வருடம் 8 சதவீதம் வட்டி. டீடில் எதுவும் எழுதாமல், கணக்கும் முடிக்காமல் உயிரோடு இருப்பவர் கடையை நடத்திக்கொண்டே போனால், அந்தப் பணத்தால் வந்த லாபத்தில் பங்கு கேட்கலாம், அல்லது வருடம் 6 சதவீதம் வட்டி கேட்கலாம் என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தைக்காக அந்த லாபத்தை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்கப் போவது யார் என்பதை யோசித்தால், டீடில் எழுதிவைப்பதன் அருமை தெரியும்.

ஓவர்டிராஃப்டை மறந்துவிடாதீர்கள். அந்த 12 லட்சத்துக்கு அண்ணனின் திருவொற்றியூர் ஃபிளாட் பேங்கில் அடமானம். அதே ஃபிளாட்டைத்தான் அவர் மகளுக்கு எழுத நினைத்திருந்தார். அடமானத்தில் இருக்கும் வீட்டை உயிலில் கொடுத்தால் அடமானத்தோடுதான் போகும். தம்பி தவணை தவறினால் பேங்க் குழந்தையின் வீட்டுக்கு வரும். “இறந்த ஆறு மாதத்துக்குள் மற்றவர் வேறு ஈடு கொடுத்து, இறந்தவரின் சொத்தை அடமானத்திலிருந்து மீட்டுத் தர வேண்டும்” என்ற வரியைத் தம்பியே சேர்க்கச் சொன்னார். பேங்க் ஒத்துக்கொள்ளுமா என்பது அன்றைய நிலவரம்; ஆனாலும் கடமை யாருடையது என்பது தெளிவாகிவிட்டது.

இவ்வளவும் ஒரு திருத்த ஒப்பந்தமாக டீடோடு சேர்ந்தது, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உயிலில் இதில் ஒரு வரிகூடப் போடக் கூடாது. உயில் ஒருவர் தனியாக எழுதுவது. அதில் தம்பி மேல் என்ன நிபந்தனை போட்டாலும் அது தம்பியைக் கட்டாது.

கடை பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் கதை வேறு. ஷேர் நேரடியாக உயிலின்படி போகும், ஆனால் கம்பெனியின் சங்க விதிகளில் ஷேர் மாற்றத்துக்கு என்ன தடை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாமினி போட்டிருப்பதால் உயில் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஷேருக்கு நாமினியாக இருப்பவர் சொந்தக்காரர் ஆவதில்லை, உயிலோ வாரிசு உரிமையோதான் முடிவு செய்யும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காப்பாளர்: யார் பெயரைப் போடலாம், எப்போது அது செல்லும்

இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956. அதன் 9-ஆம் பிரிவு அப்பா தன் உயிலில் மைனர் பிள்ளைக்குக் காப்பாளர் நியமிக்கலாம் என்கிறது. பலர் கவனிக்காத இடம், பிள்ளையின் அம்மா உயிரோடு இருக்கும்போது அப்பா இறந்தால் அந்த நியமனம் செல்லாது என்பது. அம்மாதான் காப்பாளர். “என் மனைவி வேண்டாம், என் அண்ணன் பார்க்கட்டும்” என்று எழுதி வைக்கிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. பின்னால் அம்மாவும் இறந்து, அவர் தன் உயிலில் யாரையும் நியமிக்காமல் விட்டிருந்தால் மட்டும் அப்பா எழுதியது உயிர் பெறும். ஆகவே கணவன் மனைவி இருவரும் இருக்கும் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு உயில் எழுதி, இரண்டிலும் ஒரே காப்பாளரின் பெயரைப் போடுவதுதான் சரி.

நம் அண்ணனுக்கு மனைவி இல்லை என்பதால் அவர் எழுதுவது நேராகச் செல்லும். அவர் நாளைக்கு மறுமணம் செய்துகொண்டாலும் வருகிறவர் இந்தச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் ஆக மாட்டார், ஏனென்றால் ‘அம்மா’ என்ற சொல்லில் மாற்றாந்தாய் சேர மாட்டார் என்று சட்டமே சொல்கிறது. இந்துக்களுக்குத் திருமணத்தால் உயில் ரத்தாவதும் இல்லை. அதனால் மறுமணம் நடந்தால் உயிலை எடுத்து மறுபடி படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

இனி, யார் என்பது. அண்ணன் மனதில் தம்பிதான். நான் கேட்டேன்: மாதம் 50,000 கட்ட வேண்டியவர் உங்கள் தம்பி. குழந்தைக்காக அதை வாங்க வேண்டியவர் காப்பாளர். இரண்டும் ஒரே ஆள் என்றால், ஒரு மாதம் தவணை வராவிட்டால் யார் யாரைக் கேட்பது? தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் மூன்று மாதம் நின்றுபோனால் தம்பியைத் திருடன் என்று நாலு பேர் சொல்வார்கள், அவருக்குப் பதில் சொல்லக் காகிதம் இருக்காது. இதே மாதிரி, பார்ட்னர், காப்பாளர், உயிலை நிறைவேற்றுபவர் மூன்றும் ஒருவராக எழுதப்பட்ட ஒரு மரக்கடைக் கணக்கை நான் பார்த்தேன். பிள்ளை 19 வயதில் கணக்குக் கேட்டபோது காட்டுவதற்கு ஒரு நோட்டுகூட இல்லை. அந்தப் பெரியவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று நான் நம்பவில்லை. ஆனால் இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

கடைசியில் மூன்று வேலைக்கு மூன்று பேர். திருவொற்றியூரில் இருக்கும் தங்கை, குழந்தையின் அத்தை, காப்பாளர். மகள் பள்ளிக்குப் போகும் நாட்களில் பாதி நேரம் அங்கேதான் இருக்கிறாள். பணத்தை வாங்கி வைத்துச் செலவுக்குக் கொடுப்பவர் தாய்மாமன். பணம் கட்டுகிறவர் சித்தப்பா. தாய்மாமனைச் சேர்த்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. தாய் வீட்டுப் பக்கம் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தால்தான் பெரும்பாலும் காப்பாளர் வழக்குகள் வருகின்றன.

தங்கையிடம் முதலிலேயே கேட்டோம். அவருடைய கணவரிடமும். உயிலில் பெயர் இருப்பதால் மட்டும் யாரையும் வற்புறுத்த முடியாது, மறுக்கலாம். அதனால் மாற்றாக மனைவியின் அக்கா, குழந்தையின் பெரியம்மா. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். உயிலில் எழுதியது நீதிமன்றத்தில் கனமாக எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் கடைசிச் சொல் அது இல்லை. யாராவது வழக்குப் போட்டால் குழந்தையின் நலனே முதலில் பார்க்கப்படும், ஓரளவு வயது வந்த பிள்ளையிடம் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். ஆகவே ஏன் அத்தை என்பதற்கு இரண்டு வரி உயிலிலேயே எழுதினோம்: இப்போதே அவருடைய பராமரிப்பில் இருக்கிறாள், பள்ளி அதே பகுதியில் இருக்கிறது, தாய் வழிப் பாட்டி தாத்தாவைப் பார்க்க விடுமுறைதோறும் அனுப்ப வேண்டும்.

ஃபிளாட் மகள் பெயருக்கு வரும், அத்தை அதை நிர்வகிக்கலாம். ஆனால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையும், மகள் மேஜரான பிறகு ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையும் அப்படியே. மீறிச் செய்தால் மகள் பிற்பாடு ரத்து செய்யக் கேட்கலாம். 11 மாத வாடகை ஒப்பந்தம் போதும்.

உயிலின் வாசகம்

தாய்மாமனை வெறும் ‘உயிலை நிறைவேற்றுபவர்’ என்று எழுதினால், சொத்தைப் பிரித்துக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்துவிடும். இங்கே ஒன்பது வருடம் பணத்தை வைத்திருக்க வேண்டும், அது டிரஸ்டியின் வேலை. இரண்டு பொறுப்பையும் அவருக்கே கொடுக்க வேண்டும். பங்கைப் பற்றிய வரியை, கடையின் இன்றைய பெயரையும் உருவத்தையும் மட்டும் நம்பி எழுதக் கூடாது. நாளைக்குக் கம்பெனியாக மாறினால் “என் பார்ட்னர்ஷிப் பங்கு” என்று ஒன்று இருக்காது, அந்த வரி வெறும் காற்றாகிவிடும். கோடிட்ட இடங்களில் முழுப் பெயரும் முகவரியும் போட்டுக்கொள்ளுங்கள்:

“………… என்ற பெயரில் நடக்கும் தொழிலில் நான் இறக்கும் நாளில் எனக்குள்ள பங்கு, மூலதனக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் எனக்கு நிற்கும் தொகை, நான் அத்தொழிலுக்குக் கொடுத்த கடன், பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப்படி என் தரப்புக்கு வர வேண்டிய பணம், மேற்படி தொழில் வேறு உருவம் பெற்றிருந்தால் அதில் எனக்குள்ள பங்குகள் ஆகிய அனைத்தையும் என் மகள் ………… க்குக் கொடுக்கிறேன். அவள் மைனராக இருக்கும்வரை இவற்றை என் மைத்துனர் ………… டிரஸ்டியாகப் பெற்று, அவளுடைய படிப்பு, மருத்துவம், பராமரிப்புக்குச் செலவிட்டு, ஒவ்வொரு வருடமும் காப்பாளரிடம் எழுத்தில் கணக்குத் தர வேண்டும்.”

“என் மகள் ………… (பிறந்த தேதி …………) 18 வயது நிறையும் முன் நான் இறந்தால், என் தங்கை ………… அவளுக்குக் காப்பாளராக இருக்க வேண்டும். அவர் அப்போது உயிருடன் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ ………… காப்பாளராக இருக்க வேண்டும்.”

பள்ளிக் கட்டணத்தை டிரஸ்டி நேரடியாகக் கட்டுவது, வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைக் காப்பாளருக்கு அனுப்புவது என்று பிரித்தார்கள். தங்கை வேண்டாம் என்றார், அண்ணன் எழுதியே தீருவேன் என்றார். எனக்கு அண்ணன் சொன்னது சரி என்று பட்டது.

18 வயதில் 20 லட்சம் கையில் கொடுப்பதா, 25 வரை பொறுக்கட்டும் என்றும் அவர் கேட்டார். சும்மா “25 வயதில் கொடுக்கவும்” என்று எழுதினால், பணம் முழுக்க அவளுடையது என்று ஆகிவிட்ட பிறகு, மேஜரான மகள் டிரஸ்டியிடம் இப்போதே கொடு என்று கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 25 நிறைந்தால்தான் உரிமையே வரும் என்றும், அதற்குள் ஏதாவது ஆனால் யாருக்கு என்றும் எழுத வேண்டும். அந்த ஒரு பத்தியை வக்கீலைத் தவிர யாரும் எழுதாதீர்கள், பழகிய பத்திர எழுத்தராக இருந்தாலும்.

கையெழுத்து நாள்

ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அதன் பக்கத்தில் அவருடையதும் சாட்சிகளுடையதும். குறைந்தது இரண்டு சாட்சி. அவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சிகள் பார்க்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்து என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. இதில் நடக்கும் தப்பு ஒன்றுதான்: காலையில் இவர் போட்டுவிட்டு, சாயங்காலம் பையனிடம் கொடுத்துச் சாட்சி வீட்டில் வாங்கி வரச் சொல்வது. பிற்பாடு குறுக்கு விசாரணையில் “அவர் முன்னால் போட்டீர்களா?” என்ற ஒரு கேள்வியில் உயில் விழுந்துவிடும்.

உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும் என்பதால், வயதில் இளையவரும் முகவரி மாறாதவருமாகப் பாருங்கள். நாங்கள் அவருடைய குடும்ப டாக்டரையும், தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவரையும் கேட்டோம். தம்பி, தங்கை, மைத்துனர் மூவரும் சாட்சி வேண்டாம். இந்துக்களுக்கு அதனால் உயில் செல்லாமல் போகாது, ஆனால் சந்தேகத்துக்கு நாமே வழி விடுவானேன்.

பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்பேன். அவரும் இரண்டு சாட்சிகளும் அடையாள அட்டையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் அரை நாள் வேலை. உயில் தனிப் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்றில் வராது, அவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறு யாரும் நகல் வாங்க முடியாது. இறந்த பிறகு இறப்புச் சான்றிதழோடு போய் நகல் கேட்கலாம், அசல் தொலைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

சென்னை நகருக்குள் எழுதிய உயில் என்றால் உயர் நீதிமன்றத்தில் ப்ரோபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அந்தக் கட்டாயத்துக்குக் காரணமான, வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. கட்டாயம் போனாலும் ப்ரோபேட் வாங்கும் வழி அப்படியே இருக்கிறது. மைனர் இருக்கிற, பங்காளி பணம் கட்ட வேண்டிய உயிலுக்கு, யாராவது முணுமுணுக்கும் வாய்ப்பு இருந்தால் டிரஸ்டி அதை வாங்கி வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது.

அசல் உயில் மைத்துனரின் லாக்கரில். நகல் தங்கையிடம், திருத்திய டீடின் நகலோடு ஒரே உறையில். ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 கணக்கு முடிந்ததும் பேலன்ஸ் ஷீட்டின் ஒரு பிரதியில் அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டு அந்த உறையில் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த வருடத்துக்கானதை நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். உறையைப் பார்த்த பாப்பா, “இதுல என்ன இருக்கு?” என்று கேட்டாள். “அப்பா கடைக் கணக்கு” என்றார் அத்தை.